மீட்டிங் முடிந்தது, வேலை யாருக்கு?

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை புதிதாக அறுவை அரங்கு வளாகம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புதன்கிழமையும் ரிவ்யூ மீட்டிங் நடக்கும். சிவில் கான்ட்ராக்டர், ஏசி போடுகிற நிறுவனம், எலக்ட்ரிகல்காரர்கள், ஆக்ஸிஜன் குழாய் பதிக்கிறவர்கள், மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவு, கணக்குப் பிரிவு என்று பத்துப் பதினைந்து பேர் உட்காருவார்கள். புராஜெக்ட் மேனேஜர் 14 ஸ்லைடு கொண்ட ஒரு பிபிடியைப் போட்டுக்காட்டி ஒவ்வொன்றாகப் பேசுவார். ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் கலையும். மாலையில் அந்த பிபிடி எல்லோருக்கும் மெயிலில் வரும். "இதிலிருந்து ஆக்‌ஷன் ஐட்டம் எல்லாம் எடுத்து ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பும்மா" என்று கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பிவிடுவார்.

பார்த்தால் கிளார்க் வேலை போலத்தான் தெரியும். கடைசிக்கு முந்தைய ஸ்லைடில் 'நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ்' என்று ஆறு வரி இருக்கிறது, அதை அப்படியே எக்ஸெலில் ஒட்டினால் முடிந்தது என்று பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் "அது என் வேலை என்று யாரும் சொல்லவில்லையே" என்று ஒருவர் சொல்வதற்கு அங்கேயே விதை விழுகிறது. ஸ்லைடு என்பது ஒருவர் நின்று பேசும்போது பின்னால் தெரிவதற்காக எழுதப்பட்டது. பேச்சில் இருந்த பாதி ஸ்லைடில் இருக்காது. ஸ்லைடில் இருப்பதிலும் பாதி, வேலை என்று பெயர் போட்டுக்கொண்டு இருக்காது.

நம் எடுத்துக்காட்டு பிபிடியையே பிரித்துப் பார்ப்போம். கூட்டம் நடந்த நாள் 2025 ஜூன் 11, புதன்கிழமை.

நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ் இருப்பது 13ஆம் ஸ்லைடில். அதன் ஆறு வரிகள் இவை: மூன்றாம் அரங்கின் கதவுச் சட்டங்களை முடிப்பது, சிவில், ஜூன் 18. இரண்டாம் ஏசி யூனிட்டின் டக்ட் லீக் டெஸ்ட், ஏசி நிறுவனம், அடுத்த வெள்ளி. கேஸ் குழாய் பிரஷர் டெஸ்ட், டீம், ஜூன் 24. தீயணைப்புத் துறை என்.ஓ.சி. ஃபாலோ அப், ஆர்.கே., கூடிய சீக்கிரம். விளக்கு சாம்பிள் ஒப்புதல், கட்டடக்கலைஞர், ஜூன் 9. நர்ஸுகளுக்கான பயிற்சித் திட்டம், மருத்துவமனை, தேதி பிறகு.

ஐந்தாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறது. வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வரிகளை காப்பி செய்து நோட்பேடிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டிப் பாருங்கள், கோடு காணாமல் போய்விடும். முடிந்த வேலை மறுபடி உயிர் பெற்று லிஸ்டில் ஏறும். நிறத்துக்கும் இதே கதிதான். முன்னேற்ற அட்டவணையில் ஒரு கட்டத்தில் எழுத்தே இல்லாமல் சிவப்பு மட்டும் பூசியிருப்பார்கள். கண்ணால் பார்க்கிறவருக்கு அது அபாயம் என்று தெரியும், எழுத்தை மட்டும் எடுக்கிறவருக்கு அது காலிக் கட்டம். ஆகவே முதல் வாசிப்பு எப்போதும் ஸ்லைடை முழுத்திரையில் வைத்துப் பார்க்கிற வாசிப்பாக இருக்க வேண்டும். பவர்பாயின்டில் 'அவுட்லைன் வியூ' என்று ஒன்று உண்டு. எழுத்தெல்லாம் இடப்பக்கம் வரிசையாக வருவதால் அதிலிருந்து எடுப்பது சுலபம் என்று தோன்றும். ஸ்லைடின் வார்ப்பிலேயே உள்ள தலைப்புப் பெட்டியிலும் உள்ளடக்கப் பெட்டியிலும் இருக்கிற எழுத்து மட்டும்தான் அதில் தெரியும். தனியாகச் செருகிய டெக்ஸ்ட் பாக்ஸும் அட்டவணையும் அங்கே வராது. வேலைகள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பதோ அந்த இரண்டில்தான்.

கோடு போட்டதைக் கழித்தால் 13ஆம் ஸ்லைடில் மிச்சம் ஐந்து. இனி மற்ற ஸ்லைடுகள்.

ஐந்தாம் ஸ்லைடில் ஏசி வேலைகளுக்கு ஒரு அட்டவணை. அதில் ஹெப்பா ஃபில்டர் ஆர்டர் போட வேண்டும், ஜூன் 14 என்று ஒரு வரி இருக்கிறது. அறுவை அரங்குக்குள் வரும் காற்றை வடிகட்டுவது அதுதான், ஆனால் நெக்ஸ்ட் ஸ்டெப்ஸில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆறாம் ஸ்லைடு எலக்ட்ரிகல். "கூடுதல் லோடு கேட்டு மின்வாரியத்துக்கு விண்ணப்பம்: பெண்டிங்" என்று போட்டிருக்கிறது. இது நிலைமையைச் சொல்லும் வரி. செய், முடி, அனுப்பு என்ற வினை எதுவும் இதில் கிடையாது. ஆனால் யாரிடம் பெண்டிங்? விண்ணப்பமே இன்னும் கொடுக்கவில்லையா, கொடுத்து வாரியத்தில் நிற்கிறதா? முன்னது என்றால் நம் ஆள் ஒருவர் செய்ய வேண்டிய வேலை, பின்னது என்றால் ஒருவர் போய் விசாரித்து வர வேண்டிய வேலை. எப்படியும் ஒரு ஆள் தேவை. பெண்டிங், டிலே, எதிர்பார்க்கப்படுகிறது, பரிசீலனையில் உள்ளது போன்ற சொற்கள் ஸ்லைடில் எங்கே வந்தாலும் நின்று பார்ப்பது நல்லது. அவற்றின் அடியில் ஓனர் இல்லாத ஒரு வேலை கிடக்கும்.

எல்லா வரியையும் வேலையாக்கிவிடவும் கூடாது. "தரக் கட்டுப்பாட்டில் கூடுதல் கவனம் செலுத்தப்படும்" என்று பத்தாம் ஸ்லைடில் ஒரு வரி. இதற்கு நான் வைத்திருக்கிற சோதனை ஒன்றுதான். முடிந்தது என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் போய்ப் பார்த்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியுமா? ஹெப்பா ஃபில்டருக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போயிருக்கிறதா என்று பார்க்கலாம். கூடுதல் கவனத்தை யார் போய்ப் பார்ப்பது? அது லிஸ்டுக்கு வராது.

ஒன்பதாம் ஸ்லைடில் தீயணைப்பு என்.ஓ.சி. பற்றி ஒரே வரி. கீழே நோட்ஸ் பகுதியைத் திறந்தால், மேனேஜர் தான் பேசுவதற்காகக் குறித்து வைத்தது கிடைக்கிறது: "மாடிப்படி டிராயிங்கில் திருத்தம் கேட்டிருக்கிறார்கள். கட்டடக்கலைஞரிடமிருந்து புது டிராயிங் வந்தால்தான் ஃபைல் நகரும்." மொத்த பிபிடியிலும் மிக முக்கியமான வரி இதுவாக இருக்கலாம். ஆர்.கே. என்பவர் எத்தனை முறை தீயணைப்பு அலுவலகத்துக்கு நடந்தாலும் டிராயிங் வராமல் ஒன்றும் ஆகாது. முதல் வேலை கட்டடக்கலைஞருடையது, ஆர்.கே.யின் வேலை அதற்குப் பின்னால். பிபிடியை பிடிஎஃப் ஆக்கி அனுப்பும்போது, தனியாகத் தேர்வு செய்தால் தவிர, நோட்ஸ் அதில் போகாது. மெயிலில் பிடிஎஃப் மட்டும் வந்திருந்தால் மூல `.pptx` ஃபைலைக் கேட்டு வாங்கிவிடுவது என் வழக்கம்.

அந்த `.pptx` என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் கடைசியை `.zip` என்று மாற்றித் திறந்தால் உள்ளே `ppt/slides` என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு ஸ்லைடும், `ppt/notesSlides` என்ற ஃபோல்டரில் அதன் குறிப்புகளும், `ppt/media` என்ற ஃபோல்டரில் படங்களும் தனித்தனி ஃபைல்களாக இருக்கும். நூறு பிபிடியை ஒரே மூச்சில் அலச வேண்டியவர்கள் நிரல் எழுதி இந்த ஃபோல்டர்களைத்தான் துழாவுகிறார்கள். நமக்கு வாரம் ஒன்றுதான் என்றாலும், எங்கெல்லாம் எழுத்து இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை திறந்து பார்க்கலாம். நகல் எடுத்து அதைத் திறப்பது உத்தமம்.

11ஆம் ஸ்லைடு முழுக்க ஒரு புகைப்படம். சைட் ஆபீஸ் ஒயிட்போர்டில் மார்க்கரால் எழுதியதை மொபைலில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சரிவான வெளிச்சத்தில் இரண்டு வரி படிக்க முடிகிறது: ஸ்க்ரப் ஏரியாவில் டிரெயின் சரிவு மறுபடி பார்க்க வேண்டும், யு.பி.எஸ். அறைக்குக் கதவு மாற்ற வேண்டும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை சாதாரணத் தேடல் கண்டுபிடிக்காது. கண்ணால் படித்து, கையால் தட்டச்சு செய்வது நல்லது. எட்டாம் ஸ்லைடில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஸ்டெரிலைசர் வந்து சேரும் தேதி இருக்கிறது. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

12ஆம் ஸ்லைடு, கூட்டத்தில் காட்டப்படவே இல்லை. மேனேஜர் அதை 'ஹைட்' செய்து வைத்திருந்தார். கேஸ் குழாய் கான்ட்ராக்டருக்கு ஒரு பில் பாக்கி இருக்கிறது, அது போகாமல் பிரஷர் டெஸ்டுக்கு ஆள் வர மாட்டார்கள், கணக்குப் பிரிவு தீர்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கான்ட்ராக்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் மறைத்திருக்கிறார். இது வேலைதான், லிஸ்டில் இருக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் போகிற லிஸ்டில் இருக்கக் கூடாது. நோட்ஸும் ஹைட் செய்த ஸ்லைடும் மறைவாக இருப்பதற்குப் பல சமயம் காரணம் உண்டு. அங்கிருந்து எடுத்த ஒவ்வொரு வரியையும் தனியாகக் குறித்து, "இது யார் யாருக்குப் போகலாம்?" என்று மேனேஜரிடம் கேட்ட பிறகே வெளியே விட வேண்டும். பிபிடியையே கான்ட்ராக்டர்களுக்கும் அனுப்பிவிட்டார்களா என்பதையும் அந்த நேரத்தில் பார்த்துச் சொல்வது நல்லது.

ஆக 13ஆம் ஸ்லைடின் ஐந்து, மற்ற இடங்களில் கிடைத்த ஏழு, மொத்தம் 12. ஆறு என்று நினைத்து ஆரம்பித்தோம்.

சின்ன எழுத்தில் கிடப்பதைத் தவறவிடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2003இல் ஒரு கொடிய சான்று இருக்கிறது. கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இறக்கையில் மோதியது. அதைப் பற்றி போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகள் தயாரித்தார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு தைரியம் கொடுப்பதாக இருந்தது. அதன் கடைசிக் கிளைப் புள்ளியில்தான், முன்பு சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், இங்கே மோதியதோ 1,920 கன அங்குலம் என்ற விஷயம் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று விண்கலம் திரும்பும் வழியில் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விபத்து விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையே எடுத்துப் போட்டு, எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியரின் அலசலையும் சேர்த்திருக்கிறது. மருத்துவமனைக் கட்டடம் விண்கலம் ஆகாது. ஆனாலும் ஸ்லைடை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து மூன்றாம் புள்ளியோடு நிறுத்தும் பழக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நான் கீழிருந்து மேலே படிப்பேன்.

இப்போது ஓனர். 12 வேலைகளில் சிலவற்றுக்கு ஆள் தெளிவாக இருக்கிறது. 'டீம்' என்று போட்டிருப்பதற்கு ஆள் இல்லை என்றே பொருள். 'மருத்துவமனை' என்பதும் அப்படித்தான். நர்ஸிங் சூப்பரின்டெண்டென்டா, மனிதவளப் பிரிவா, யார்? 'ஆர்.கே.' என்பது பெயர் மாதிரி இருப்பதால் இன்னும் ஆபத்தானது. மருத்துவமனைப் பராமரிப்புப் பிரிவில் ஒரு ஆர்.கே. இருக்கிறார் என்று கோஆர்டினேட்டருக்குத் தெரியும், அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று கை போகும். போட்டிருந்தால் என்ன ஆகும் என்று ஒரு போன் காட்டிக்கொடுத்துவிடும்.

"சார், ஃபயர் என்.ஓ.சி. உங்ககிட்டதானே இருக்கு?"

"அது நான் இல்லைங்க மேடம். எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர்கிட்ட ஒருத்தர் இருக்காருங்க, அவரும் ஆர்.கே.தான். ஆனா என்.ஓ.சி.க்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குத் தெரியலைங்க."

இரண்டு ஆர்.கே., இரண்டு பேருக்கும் அது தன் வேலை என்று தெரியாது. கேள்வி மேனேஜரிடம்தான் போக வேண்டும். லிஸ்டில் அந்தக் கட்டம் அதுவரை காலியாகவே இருக்கட்டும். இந்த வேலையில் நான் விடாப்பிடியாக இருப்பது இந்த ஒன்றில்தான். பெயர் இல்லாத இடத்தில் ஊகித்து ஒரு பெயரைப் போட்டால் லிஸ்ட் பார்க்க முழுமையாக இருக்கும், அதனாலேயே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். காலிக் கட்டம் உறுத்தும், உறுத்துவதால் யாராவது நிரப்புவார்கள். இரண்டு நிறுவனங்களின் பெயரைச் சாய்கோடு போட்டு எழுதியிருந்தாலும் அதே கேள்விதான். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம், முடிந்ததா என்று கேட்டால் பதில் சொல்கிறவர் ஒருவர்தான்.

தேதிக்கு வருவோம். டக்ட் லீக் டெஸ்டுக்கு 13ஆம் ஸ்லைடில் 'அடுத்த வெள்ளி'. ஜூன் 11 புதன்கிழமை சொன்ன அடுத்த வெள்ளி, இரண்டு நாள் கழித்து வரும் 13ஆம் தேதியா, அதற்கடுத்த 20ஆம் தேதியா? பத்துப் பேர் உட்கார்ந்த அறையில் இரண்டு கட்சியும் இருக்கும். இதோடு முடியவில்லை. இதே வேலை ஐந்தாம் ஸ்லைடு அட்டவணையிலும் இருக்கிறது, அங்கே ஜூன் 17.

பின்னால் வரும் ஸ்லைடுதான் இறுதி முடிவு, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை நம்புவதில்லை. போன வாரத்து பிபிடியைத் திறந்து பாருங்கள். ஜூன் 4 கூட்டத்தின் நெக்ஸ்ட் ஸ்டெப்ஸிலும் இதே வரி, எழுத்து மாறாமல், 'அடுத்த வெள்ளி' என்றே இருந்தால், இது இந்த வாரம் எடுத்த முடிவு இல்லை. பழைய பிபிடியை 'சேவ் ஆஸ்' செய்து புதியதை உருவாக்கியபோது கூடவே வந்த வரி. ஜூன் 4 அன்று எழுதப்பட்டபோது அது 13ஐயோ, அதற்கு முன்பே 6ஐயோ குறித்திருக்கும். ஸ்லைடு வாரம் வாரம் காப்பியாகும்போது இந்தத் தேதியும் தானாகத் தள்ளிக்கொண்டே போகும். அந்த டெஸ்ட் ஒருநாளும் தாமதமானதாகக் கணக்கில் வராது, ஏனென்றால் கெடு எப்போதும் அடுத்த வெள்ளியாகவே இருக்கும். 'இந்த வாரக் கடைசி', 'நாளை மாலைக்குள்', 'இன்னும் பத்து நாளில்' எல்லாம் இதே இனம். லிஸ்டுக்கு வரும்போது அவை காலண்டர் தேதியாக மாறித்தான் வர வேண்டும்.

அப்படி மாற்ற, கூட்டம் நடந்த தேதி நிச்சயமாகத் தெரிய வேண்டும். முதல் ஸ்லைடில் தேதி இருக்கிறதே என்று அதை நம்ப முடியாது. பவர்பாயின்டில் தேதி செருகும்போது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்க ஒரு வசதி இருக்கிறது. அப்படி வைத்த ஃபைலை ஜூன் 16 திங்கட்கிழமை திறந்தால், முதல் ஸ்லைடு ஜூன் 16 என்றே காட்டும். அதிலிருந்து எண்ணினால் அடுத்த வெள்ளி 20 அல்லது 27 ஆகிவிடும். இது நடக்கிறதா என்று பார்க்க, ஃபைலை இரண்டு வேறு நாட்களில் திறந்து பார்த்தாலே போதும். கூட்டத்துக்கு வந்த காலண்டர் அழைப்பில் இருக்கிற தேதியை அடிப்படையாக வைப்பதே நம்பகமானது.

ஸ்டெரிலைசர் விஷயம் இன்னொரு மாதிரி. எட்டாம் ஸ்லைடில் '07/08' என்று போட்டிருக்கிறது. நாம் படித்தால் ஆகஸ்ட் 7. அந்த ஸ்லைடை அனுப்பியவர்கள் அமெரிக்காவில் தலைமையகம் வைத்திருக்கும் சப்ளையர் என்றால் அது ஜூலை 8. இடையில் ஒரு மாதம். தேதியில் ஒரு எண் 12ஐத் தாண்டியிருந்தால் பிழைத்தோம், இங்கே இரண்டும் தாண்டவில்லை. பிபிடிக்குள்ளேயே துப்பு தேடலாம். மூன்றாம் ஸ்லைடின் வரைபடத்தில் ஜூலை 25 அன்று ட்ரையல் ரன் என்று இருக்கிறது. கிருமி நீக்கும் கருவி இல்லாமல் ட்ரையல் ரன் நடக்காது என்பதால் ஜூலை 8ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இது ஊகம்தான். ஊகத்தை எழுதலாம், தேதிக் கட்டத்தில் எழுதக் கூடாது. பக்கத்தில் குறிப்பாக எழுதி, சப்ளையரிடம் மாதத்தின் பெயரோடு உறுதி கேட்க வேண்டும். ஆகஸ்ட் 7தான் என்று பதில் வந்தால், ட்ரையல் ரன் தேதியே பொய் என்பது ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிடும். 'இரண்டாம் காலாண்டுக்குள்' என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. ஏப்ரலில் ஆண்டு தொடங்கும் நம் கணக்கில் அது செப்டம்பர் 30, ஜனவரியில் தொடங்கும் நிறுவனத்துக்கு ஜூன் 30.

லிஸ்ட் எப்படி இருக்க வேண்டும்? வேலை, ஆள், தேதி என்ற மூன்று பத்தியோடு இன்னும் இரண்டு வேண்டும்: ஸ்லைடு எண், ஸ்லைடில் இருந்த வாசகம் எழுத்து மாறாமல். டக்ட் டெஸ்ட் வரி இப்படி வரும்:

வேலை: இரண்டாம் ஏசி யூனிட் டக்ட் லீக் டெஸ்ட் செய்து ரிப்போர்ட் தருவது.
ஆள்: ஏசி நிறுவனத்தின் சைட் இன்ஜினியர் (உறுதி செய்யவும்).
தேதி: (காலி).
எங்கே: ஸ்லைடு 5, ஸ்லைடு 13.
வாசகம்: ஸ்லைடு 5இல் "17 ஜூன்", ஸ்லைடு 13இல் "அடுத்த வெள்ளி".

வாசகத்தை அப்படியே வைப்பதால் என்ன லாபம் என்றால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாராவது சொல்லும்போது விவாதம் நீளாது. ஸ்லைடைத் திறந்து காட்டிவிடலாம். எடுத்தவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அதே இடத்தில் தெரிந்துவிடும். ஒரே வேலை இரண்டு ஸ்லைடில் வந்தால் இரண்டு வரியாகப் போடாமல் ஒரே வரியில் இரண்டு எண்ணையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று மாதக்கணக்கில் பெண்டிங்காக நிற்கும். ஒன்று போலத் தெரிகிற இரண்டு வேலைகளும் உண்டு. பிரஷர் டெஸ்ட் செய்வது ஒன்று, அதற்கான பில்லைத் தீர்ப்பது வேறொன்று. ஆள் வேறு, தேதி வேறு என்றால் சேர்க்கக் கூடாது.

12 வரிகளிலும் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் கடைசியில் ஏழெட்டுக்கு மேல் தேறாது. எந்த ஆர்.கே., பிரஷர் டெஸ்டுக்குப் பெயர் யாருடையது, பயிற்சித் திட்டத்தை எழுதுவது யார், எப்போது, டக்ட் டெஸ்ட் 17ஆ 20ஆ, மின்வாரிய விண்ணப்பம் எந்த நிலையில், ஒயிட்போர்டில் இருக்கும் இரண்டையும் யார் ஏற்றார்கள், 12ஆம் ஸ்லைடு வரி யாருக்குப் போகலாம். அன்று மாலையே ஒரே மெயிலில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிடுவார், பேசியது அவர் நினைவில் இருக்கும். வெள்ளிக்கிழமை கேட்டால் அவரும் நம்மைப் போல ஸ்லைடைப் பார்த்து ஊகிக்கத்தான் செய்வார்.

பதில் வந்து கட்டங்கள் நிரம்பியதும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் கொடுத்துவிட வேண்டும். முடியும் வரை அந்த எண் மாறக் கூடாது. அடுத்த புதன்கிழமையின் நெக்ஸ்ட் ஸ்டெப்ஸ் ஸ்லைடு, பழைய பிபிடியிலிருந்து காப்பியாகாமல் இந்த லிஸ்டிலிருந்து எழுதப்பட வேண்டும். யாராவது தேதியைத் தள்ளக் கேட்டால் தள்ளலாம், ஆனால் முதலில் ஒப்புக்கொண்ட தேதியை அழிக்காமல் பக்கத்துப் பத்தியில் புதுத் தேதியை எழுத வேண்டும். மூன்று தேதிகள் வரிசையாக நிற்கிற வரியைப் பார்த்தால், அந்த வேலைக்கு இன்னொரு தேதி கொடுப்பதை விட்டுவிட்டு, எது தடுக்கிறது என்று அந்த ஆளிடமே உட்கார்ந்து கேட்கலாம். என்.ஓ.சி. வரியில் அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்பதாம் ஸ்லைடின் நோட்ஸில் ஏற்கெனவே இருக்கிறது: மாடிப்படி டிராயிங், கட்டடக்கலைஞர்.